மூத்தாப்பாவின் டைப்ரைட்டருக்கு என்ன விலை?

மூத்தாப்பாவின் டைப்ரைட்டர் என்ன பெறும் என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் இரண்டு விடைகள் இருந்தன. ஒன்று 6,000 ரூபாய். மற்றது 2 இலட்சம் ரூபாய். இரண்டும் யாரும் கற்பனையாகச் சொன்னவை அல்ல. முதலாவது, பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் எங்கள் வாசலில் நின்று சொன்ன விலை. இரண்டாவது, கத்தாரில் இருக்கும் பெரிய மாமா இணையத்தில் பார்த்து, படம் பிடித்து அனுப்பிய விலை.

விற்பதாக இருந்தால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. கூடுதலாகத் தருகிறவருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் நாங்கள் விற்கவில்லை. மூத்தாப்பா மௌத்தாகி, கடன்களெல்லாம் தீர்த்து, மிச்சத்தைப் பங்கு வைக்கும்போது சின்ன மாமா அந்த டைப்ரைட்டரைத் தான் வைத்துக்கொள்ள விரும்பினார். அப்படியானால் அதற்கு ஒரு பெறுமதி போட்டு, மற்றவர்களின் பங்குக்கு அவர் காசு கொடுக்க வேண்டும். 6,000 என்றால் மூத்தம்மாவுக்கும் உம்மாவுக்கும் சாச்சிக்கும் பெரிய மாமாவுக்கும் நட்டம். 2 இலட்சம் என்றால் முச்சக்கரவண்டி ஓட்டும் சின்ன மாமா தன் தகப்பனின் பொருளைத் தொடவே முடியாது. மாமாமார் இருவரும் இதனால் ஒரு மாதமாகத் தொலைபேசியில் பேசிக்கொள்ளவில்லை. "நீதான் கொமர்ஸ் படிக்கிற. ஒரு பக்கமும் சாயாம நியாயமான வில என்னண்டு பாரு மகள்" என்று உம்மா என்னிடம் சொன்னார்.

முதலில் எங்களிடம் இருப்பது என்னவென்று சரியாகத் தெரிய வேண்டும். "பழைய டைப்ரைட்டர்" என்று தேடினால் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளிலிருந்து மின்சார இயந்திரம் வரை எல்லாம் வரும். எங்களுடையது இந்தியாவில் செய்யப்பட்ட ரெமிங்டன். கையில் தூக்கிச் செல்லும் சிறிய வகை அல்ல, கந்தோர்களில் மேசை மேல் நிரந்தரமாக இருந்த பெரிய வகை. வீட்டுத் தராசில் 16 கிலோ காட்டியது. நீளத்தாள் போகும் சாதாரண அகல உருளை. எழுத்து தமிழ். இந்தக் கடைசி விடயம்தான் எல்லாவற்றையும் சிக்கலாக்கியது. ஆங்கில டைப்ரைட்டர்கள் விளம்பரங்களில் நிறைய வருகின்றன. தமிழ் எழுத்துள்ளது அருமையாகத்தான் வருகிறது.

தமிழ் இயந்திரத்தில் ஒரு விசேடம் உண்டு. மூத்தாப்பா உயிரோடு இருக்கும்போதே எனக்குக் காட்டியிருக்கிறார். சில விசைகளை அழுத்தினால் எழுத்து விழும், ஆனால் உருளை நகராது. "க்" அடிக்க முதலில் புள்ளியை அடிக்க வேண்டும், அது அந்த இடத்திலேயே நிற்கும், பிறகு ககரத்தை அடித்தால் இரண்டும் சேர்ந்து விழும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்குப் போன ஆர். முத்தையா என்பவர்தான் தமிழுக்கு இப்படியொரு விசைப்பலகையை அமைத்தவர். நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு மர நிழலில் இருந்து, மூத்தாப்பா பிறருக்காகப் பெட்டிசம் அடித்துக் கொடுத்துத்தான் நான்கு பிள்ளைகளையும் வளர்த்தார்.

அடுத்தது இயந்திரத்தின் நிலை. பழைய சாமான்காரர் உருளையைத் தள்ளிப் பார்த்து, அது நகராததைக் கண்டு, "இது ஓடுதில்ல, இரும்புக்குத்தான் சரி" என்று சொல்லியிருந்தார். சின்ன மாமா அதை டைப்ரைட்டர் திருத்தும் ஒரு வயதானவரிடம் கொண்டுபோனார், நானும் கூடப் போனேன். அவர் பின்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்தார். உருளையை இடப்பக்கம் இழுக்கும் பட்டி அறுந்திருந்தது, அவ்வளவுதான். உள்ளே சுருள்வில் நன்றாக இருந்தது. புதுப் பட்டி போட்டு, எண்ணெய் விட்டு, துப்புரவாக்கி 2,000 ரூபாய் எடுத்தார். பிறகு ஒரு தாளைப் போட்டு ஒவ்வொரு விசையாக அடித்துப் பார்த்தார். "பட்டி அறுந்தா ஒண்டுமில்ல. ஒரு எழுத்து கழண்டு விழுந்திருந்தாத்தான் கஷ்டம். இங்கிலீசு மெசினில இருந்து 'ஞ' எடுக்க ஏலுமா?" என்றார். எல்லா எழுத்தும் இருந்தன. ரப்பர் உருளை மட்டும் வயதாகிக் கல்லுப் போல இறுகியிருந்தது.

ஓடாத இயந்திரத்தின் விலையையும் ஓடும் இயந்திரத்தின் விலையையும் ஒப்பிடக் கூடாது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. 6,000 என்று சொன்னவர் ஏமாற்றியதாக நான் நினைக்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஓடாத ஒரு பொருள். அதை வாங்கித் திருத்தி, கடையில் மாதக்கணக்காக வைத்திருந்து, தனக்கும் ஓர் இலாபம் வைத்து விற்க வேண்டும். அது வியாபாரி வாங்கும் விலை. நாங்கள் தேடியது, பாவிக்கப் போகிறவர் ஒருவர் தரும் விலை.

இனி விளம்பரங்கள். ஆறு வாரங்கள், வாரத்துக்கு இரண்டு நாள், இலங்கையில் பழைய பொருள்கள் விற்கும் இணையத் தளங்களில் டைப்ரைட்டர் விளம்பரங்களைத் தேடி ஒரு கொப்பியில் எழுதினேன். கண்ட திகதி, ஊர், எந்த நாட்டுத் தயாரிப்பு, எழுத்து என்ன, ஓடுகிறதா, விற்பவர் வீட்டுக்காரரா கடைக்காரரா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. படத்தையும் கைத்தொலைபேசியில் சேமித்தேன், ஏனென்றால் விளம்பரம் மறைந்துவிட்டால் பிறகு பார்க்கக் கிடைக்காது.

விலையை மட்டும் நான் எழுதவில்லை. அதைத் தங்கச்சி தன் கொப்பியில் எழுதினாள். இது எனக்கே பிடித்த ஒரு வேலை, ஆகவே கொஞ்சம் விளக்குகிறேன். எந்த விளம்பரம் எங்களுடையதற்கு ஒப்பானது, எது இல்லை என்று தீர்மானிக்கும் இடத்தில்தான் மனிதர் தமக்கு வேண்டிய விடையை உள்ளே கொண்டுவருகிறார்கள். எனக்குச் சின்ன மாமாவைப் பிடிக்கும், அவர்தான் என்னை ரியூசனுக்கு ஏற்றிப் போகிறவர். கூடிய விலையுள்ள ஒரு விளம்பரத்தைக் கண்டால் "இது வேறு மாதிரி" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரலாம். அதனால் படத்தையும் விபரத்தையும் மட்டும் பார்த்து "சேரும்", "சேராது" என்று நான் முதலில் முடிவு செய்தேன். எல்லாம் முடிந்த பிறகுதான் தங்கச்சி விலைகளை வாசித்தாள்.

மொத்தம் 23 விளம்பரங்கள் கிடைத்தன. 5 சிறிய கைப்பெட்டி வகையும் மின்சார வகையும், அவற்றை விலக்கினேன். 3 ஏற்கனவே எழுதியவற்றின் மறுபதிப்பு. வேறு ஆள், வேறு ஊர், வேறு விலை, ஆனால் படத்தில் அதே பூப்போட்ட மேசைவிரிப்பு, அதே இடத்தில் அதே கீறல். ஒரே பொருளை இடைத்தரகர்கள் தங்கள் பொருள்போலப் போடுகிறார்கள். கவனிக்காவிட்டால் ஒரு பொருள் மூன்றாகி, சந்தையே அந்த விலையில் இருப்பதுபோலத் தோன்றும். இன்னும் 2 விளம்பரங்களில் விலை என்ற இடத்தில் வெறும் 1 ரூபாய் போட்டிருந்தார்கள். மிஞ்சியவை 13. அவற்றில் ஆங்கிலம் 10, சிங்களம் 2, தமிழ் 1.

ஆங்கில இயந்திரங்கள் பத்துக்கும் கேட்ட விலைகளைத் தங்கச்சி சிறியதிலிருந்து பெரியதாக வாசித்தாள்: 9,000, 12,000, 14,000, 15,000, 17,500, 18,000, 22,000, 25,000, 35,000, 60,000. கூட்டிப் பத்தால் பிரித்தால் சராசரி 22,750. ஆனால் அந்தப் பத்தில் ஏழு விளம்பரங்கள் 22,750க்குக் கீழேதான் இருக்கின்றன. 60,000 கேட்கும் ஒரே ஒருவர் எல்லோரையும் மேலே இழுத்துவிடுகிறார். அவரை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் சராசரி ஏறக்குறைய 18,600க்கு இறங்குகிறது. இப்படியான இடத்தில் இடையம் நல்லது. வரிசையில் நடுவில் இருக்கும் இரண்டின் பாதி, 17,750. 60,000 கேட்டவர் நாளை 6 இலட்சம் கேட்டாலும் இடையம் அசையாது.

இருந்தாலும் 17,750 என்பதும் கேட்ட விலைதான், கிடைத்த விலை அல்ல. விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. அது எந்த விலையில் கைமாறியது என்பது அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்காது. ஆறு வாரத்துக்குள் நான்கு ஆங்கில விளம்பரங்கள் மறைந்திருந்தன: 12,000, 15,000, 17,500, 22,000. மறைந்தால் விற்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? உம்மாவும் நானும் ஓர் அஸருக்குப் பிறகு அந்த நான்கு இலக்கங்களுக்கும் கோல் எடுத்தோம். உம்மாதான் பேசினார். 12,000காரர் எடுக்கவேயில்லை. 15,000 கேட்டவர் 13,500க்குக் கொடுத்திருந்தார். 17,500 கேட்டவர், "வித்து முடிஞ்சி, 14,000 தான் கிடைச்ச" என்றார். 22,000காரரின் பதில்தான் முக்கியம்: "இல்ல, இன்னும் வீட்டிலதான் இரிக்கி. விளம்பரத்துக்கு நாள் முடிஞ்சி பெயித்து. உங்களுக்கு வேணுமா?" அவரிடமிருந்து தப்புவதற்கு உம்மாவுக்குப் பத்து நிமிடம் பிடித்தது.

ஆக, உண்மையில் விற்ற விலை என்று எங்களிடம் இருந்தவை இரண்டுதான். இரண்டும் ஓடும் நிலையில் இருந்தவை, கேட்ட விலையிலிருந்து ஒன்று 10 சதவீதம், மற்றது 20 சதவீதம் குறைந்திருந்தன. இரண்டு போதாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்ட விலைகள் இருபது இருப்பதைவிட, விற்ற விலைகள் இரண்டு இருப்பது பெரிது.

சிங்கள இயந்திரங்கள் எங்களுடையதற்கு இன்னும் நெருங்கிய உறவு என்று நான் நினைத்தேன். அதே நாடு, அதே கந்தோர்கள், அதேபோலக் கணினி வந்ததும் மூலைக்குப் போனவை, எண்ணிக்கையிலும் ஆங்கிலத்தைவிடக் குறைவு. கேட்டவை 28,000, 30,000. முதலாவது 24,000க்குப் போயிருந்தது. வாங்கியவர் ஒரு தேநீர்க் கடையை அலங்கரிக்க வாங்கினாராம். தமிழுக்கும் அதே விலை என்று சொல்ல முடியுமா? அங்கே நான் தயங்கினேன். அரிது என்பதால் மட்டும் விலை கூடாது. தேடுகிறவரும் வேண்டும். தமிழ் எழுத்துள்ளதுதான் வேண்டும் என்று இந்த நாட்டில் தேடுகிறவர்கள், சிங்களம் தேடுகிறவர்களைவிடக் குறைவாகத்தான் இருப்பார்கள். அலங்காரத்துக்கு வாங்குகிறவருக்கு எழுத்து எதுவானாலும் ஒன்றுதான்.

இனித் தமிழ் விளம்பரம். ஒன்றே ஒன்று, 85,000 ரூபாய். முதல் நாள் பார்த்தபோதும் இருந்தது, ஆறாவது வாரமும் இருந்தது. இதைத் தள்ளிவிடத்தான் தோன்றியது. ஆனாலும் உம்மா கோல் எடுத்து, இதுவரை யாராவது கேட்டார்களா என்று மெதுவாக விசாரித்தார். "ஒராள் வந்து பாத்த. 20,000 தாறண்டு சொன்னாரு. நான் குடுக்கல்ல" என்று அவர் கோபமாகச் சொன்னார். என் கொப்பியில் இருந்த வரிகளிலேயே பெறுமதியானது இதுதான். தமிழ் டைப்ரைட்டருக்காக, நேரில் வந்து, ஒரு மனிதர் தரத் தயாராக இருந்த தொகை அது. 85,000 விற்பவரின் ஆசை, 20,000 வாங்க வந்தவரின் பணம். ஒரே ஆள் வாய்ச்சொல்தான் என்பதால் அதை நான் ஒரு சாட்சியாக மட்டும் எடுத்தேன், தீர்ப்பாக அல்ல.

பெரிய மாமாவின் 2 இலட்சத்தையும் சும்மா விட முடியாது. அவர் அனுப்பியது இபே தளத்தில் வந்த ஒரு விளம்பரம். அங்கே ஒரு வசதி இருக்கிறது. தேடிய பிறகு `Sold items` என்பதைத் தெரிவு செய்தால், அண்மைக் காலத்தில் உண்மையாக விற்றவை மட்டும் வரும். தமிழ் டைப்ரைட்டர் என்று அப்படித் தேடியபோது ஒன்றும் வரவில்லை. அதாவது 2 இலட்சம் என்பது கேட்கப்படுகிறது, கொடுக்கப்பட்டதற்குச் சாட்சி இல்லை. விற்றவற்றில் சில விலைகள் மேலே கோடு வெட்டப்பட்டு இருக்கும். பேரம் பேசி அதைவிடக் குறைவாக விற்றார்கள் என்று அர்த்தம், குறைந்த விலை எவ்வளவு என்று அது காட்டாது. அப்படியே வெளிநாட்டில் ஒருவர் வாங்க முன்வந்தாலும், 16 கிலோ இரும்பைப் பொதி செய்து விமானத்தில் அனுப்பும் செலவு இருக்கிறது. இந்த மேசையில் இருக்கும் இயந்திரத்தின் சந்தை அதுவல்ல.

தமிழ்நாட்டு விலைகளையும் பார்த்தேன். அங்கே தட்டச்சுப் பயிலகங்களும் அரசாங்கத் தட்டச்சுப் பரீட்சைகளும் இருப்பதால், தமிழ் டைப்ரைட்டர் பழம்பொருளாக அல்ல, வேலை செய்யும் பொருளாகக் கைமாறுகிறது. கடைக்காரர்கள் புதுப்பித்தவற்றுக்கு 8,000 முதல் 12,000 இந்திய ரூபாய் வரை கேட்டிருந்தார்கள். எங்கள் ரூபாயில் ஏறக்குறைய 28,000 முதல் 42,000. இது புது ரப்பர் உருளை போட்ட, கடை உத்தரவாதத்தோடு வரும் விலை. எங்களுடையதோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவாகியது. கடல் தாண்டினால் இதே இயந்திரங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. உலகத்தில் இது ஒன்றுதான் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது.

எல்லாவற்றையும் ஒரு தாளில் வைத்தேன். கீழே, ஓடும் ஆங்கில இயந்திரங்கள் விற்ற 13,500, 14,000. மேலே, சிங்களம் விற்ற 24,000. இடையே, தமிழுக்கு ஒருவர் தர வந்த 20,000. தமிழ் என்பதால் கீழ் எல்லையைக் கொஞ்சம் கூட்டினேன், இறுகிய உருளைக்காக மேல் எல்லையைக் கொஞ்சம் குறைத்தேன். 16,000 முதல் 22,000 வரை என்று எழுதி அடிக்கோடிட்டேன். ஒரே இலக்கமாகச் சொல்லு என்று சாச்சி கேட்டார். இவ்வளவு குறைந்த சாட்சிகளை வைத்துக்கொண்டு ஒரே இலக்கம் சொன்னால் அது பொய்யான துல்லியம் என்று சொல்லிவிட்டேன். அந்த இடைவெளிக்குள் எந்தத் தொகையும் நியாயம்தான், எதை எடுப்பது என்று நீங்கள் பேசிக்கொள்ளுங்கள் என்றேன்.

கொப்பியின் பக்கங்களைப் படம் பிடித்துக் கத்தாருக்கு அனுப்பினேன். பெரிய மாமா இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் இரவு அவர் சின்ன மாமாவுக்கே கோல் எடுத்தார். 85,000காரரிடம் தானும் பேசிப் பார்த்தாராம், 40,000 வரை இறங்கி வந்தாராம், "அந்த வெலைக்கும் நான் வாங்க மாட்டேன்" என்று சிரித்தார். பிறகு இருவரும் நெடுநேரம் பேசினார்கள், டைப்ரைட்டரைப் பற்றி மட்டுமல்ல.

சின்ன மாமா நடுவில் உள்ள 19,000ஐ எடுக்கவில்லை, தானாகவே 20,000 என்றார். திருத்தக் கொடுத்த 2,000 அவருடைய காசு, அதைக் கழித்து 18,000. மூத்தம்மாவுக்கு எட்டில் ஒன்று, 2,250. மிச்சம் 15,750ஐ ஆறு பங்காக்கினால் ஒரு பங்கு 2,625. மாமாமாருக்கு இரண்டிரண்டு பங்கு, உம்மாவுக்கும் சாச்சிக்கும் ஒவ்வொன்று. சின்ன மாமா தன் 5,250ஐ வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு 12,750 கொடுக்க வேண்டும். மூன்று மாதத் தவணையில் தருவதாக எழுதிக் கையொப்பமிட்டார். அந்தக் கடிதத்தை அந்த டைப்ரைட்டரிலேயே அடிக்கச் சொல்லி மூத்தம்மா கேட்டார். புள்ளியை முதலில் அடிக்க மறந்து மறந்து, அரைப் பக்கத்தை அடித்து முடிக்க எனக்கு ஒரு மணித்தியாலம் ஆனது.